கடைசி ஐந்து நிமிடத்தில் விடைத்தாளில் எதைத் தேடுவது?

கேள்வி:

ஐயா, வணக்கம். நான் பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். தமிழ்த் தேர்வில் எல்லா வினாக்களுக்கும் விடை எழுதிவிடுகிறேன். கடைசியில் ஐந்து நிமிடம் மிஞ்சுகிறது. அப்போது முதல் பக்கத்திலிருந்து வாசித்துப் பார்க்கிறேன். எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் தாள் திரும்பி வரும்போது பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு வட்டம் இருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் நான் என்ன செய்ய வேண்டும்? திருப்புதல் தேர்வில் எழுதிய கட்டுரையிலிருந்து ஒரு பத்தியை அனுப்பியிருக்கிறேன்.

— ஒரு மாணவி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

எழுதி முடித்த கையோடு நம் எழுத்தை நாமே வாசிக்கும்போது, தாளில் இருக்கும் எழுத்துகளைக் கண் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. மனத்தில் இருக்கும் வாக்கியத்தையே அது மறுபடி சொல்லிக்கொண்டு போகிறது. பொருளைப் பின்பற்றி வாசிக்கும் வரை, விடுபட்ட புள்ளியும் தவறிய ஒற்றும் கண்ணில் படாது. ஆகவே அந்த ஐந்து நிமிடத்தில் விடைத்தாளை வாசிக்காதீர்கள். எந்தப் பிழையைத் தேடுகிறோம் என்று முன்பே முடிவு செய்துகொண்டு, அதை மட்டும் தேடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வகைப் பிழையைத் தேடும் கண்ணுக்கு அந்தப் பிழை எளிதில் அகப்படும். எல்லாவற்றையும் ஒருசேரத் தேடும் கண் எதையும் பிடிப்பதில்லை.

எந்தப் பக்கங்களில் தேடுவது என்பதையும் முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். நூறு மதிப்பெண் தாள் முழுவதையும் ஐந்து நிமிடத்தில் கூர்ந்து பார்க்க யாராலும் இயலாது. நிதானமாகப் பார்த்தால் இரண்டு அல்லது மூன்று பக்கங்களைத்தான் பார்க்கலாம். தலா எட்டு மதிப்பெண் பெறும் மூன்று நெடுவினாக்களும், ஐந்து மதிப்பெண் பெறும் கடிதமும் சொந்த நடையில் அதிகம் எழுத வேண்டிய பகுதிகள். அவற்றிலும் கடைசியாக எழுதிய கட்டுரையில்தான் கை ஓய்ந்து, வேகம் கூடி, பிழைகள் பெருகியிருக்கும். முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் நேரம் முழுவதும் ஒரு மதிப்பெண் வினாக்களிலேயே கரைந்துவிடும். பிழை மண்டிக் கிடக்கும் பக்கத்தைத் தொடுவதற்குள் மணி அடித்துவிடும். கடைசியாக எழுதிய பக்கத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

மணியைப் பற்றியும் ஒரு சொல். தேர்வு எழுதும் நேரம் 10.15 முதல் 1.15 வரை என்றால், உங்கள் ஐந்து நிமிடம் 1.10 மணிக்குத் தொடங்குவதாக எண்ணிக்கொள்ளாதீர்கள். கூடுதல் விடைத்தாள்களை வரிசைப்படுத்திக் கட்டும் வேலையும், தாள்களை வாங்க அறைக் கண்காணிப்பாளர் வரும் பரபரப்பும் அந்தக் கடைசி நிமிடங்களில்தான் நிகழும். 1.07 அல்லது 1.08 மணிக்கே எழுதுவதை நிறுத்தி, தாள்களைக் கட்டி முடித்துவிட்டு, அதன் பிறகு தேடத் தொடங்குங்கள்.

இனி, நீங்கள் அனுப்பிய பத்தியையே எடுத்துக்கொள்வோம்.

"எங்கள் ஊரின் ஏரி ஒவ்வொரு ஆண்டும் நிரம்பும். கரையில் உள்ள மரங்கள் பறவைகளுக்கு தங்கும் இடமாகவும் ஊர் மக்களுக்கு நிழல் தரும் இடமாகவும் இருந்து வருகிறது. இளைஞர்கள் தன் சொந்த முயற்ச்சியால் ஏரியை தூர்வாரினர். அவர்கள் நட்டப் பனை விதைகள் இன்று வளர்சி அடைந்து, கன்டவர் வியக்கும்படி நிற்கின்றன."

கருத்து நன்றாக இருக்கிறது. வாக்கியங்களும் நன்றாக ஓடுகின்றன. ஆனால் இந்த நான்கு வாக்கியங்களில் ஒன்பது பிழைகள் இருக்கின்றன. அவற்றில் எட்டினை மூன்று சுற்றுகளில் பிடித்துவிடலாம். ஒன்பதாவது பிழைக்கு வேறு வழி உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதல் சுற்று வாக்கியத்தின் முடிவைப் பற்றியது. தமிழில் பயனிலை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையில் எத்தனை சொற்களை வேண்டுமானாலும் அடுக்கலாம் என்பதால், நீண்ட வாக்கியத்தை முடிக்கும்போது அதன் எழுவாய் ஒருமையா பன்மையா என்பது மறந்துபோகிறது. அருகில் எந்தச் சொல் இருக்கிறதோ அதற்கேற்பக் கை முடித்துவிடுகிறது. உங்கள் இரண்டாம் வாக்கியத்தில் நடந்தது இதுதான். "இடமாகவும்" என்று இரண்டு முறை ஒருமையில் எழுதிவிட்டதால், "இருந்து வருகிறது" என்று ஒருமையிலேயே முடித்துவிட்டீர்கள். முற்றுப்புள்ளியின் மேல் பேனா முனையை வைத்து, அதற்கு முன்னால் உள்ள வினைமுற்றைப் பாருங்கள். "வருகிறது" என்று கண்டதும், "எது வருகிறது?" என்று கேட்டு, வாக்கியத்தின் தொடக்கத்துக்குச் செல்லுங்கள். அங்கே "மரங்கள்" என்று இருக்கிறது. எனவே "இருந்து வருகின்றன" என்று திருத்த வேண்டும். இவ்வாறு திருத்தும்போது சிலர் அவசரத்தில் "வருகிறன" என்று எழுதிவிடுகிறார்கள். அஃறிணைப் பன்மையில் "கின்று" என்னும் இடைநிலை வந்து "வருகின்றன" என்றே அமையும்.

முடிவிலிருந்து தொடக்கத்துக்குப் போகும் இந்தப் பழக்கத்தால் இன்னொரு பிழையும் பிடிபடும். மூன்றாம் வாக்கியத்தில் "தூர்வாரினர்" என்ற வினைமுற்றுக்கு "யார்?" என்று கேட்டால் "இளைஞர்கள்" என்று விடை வருகிறது, வினைமுற்றில் பிழை இல்லை. ஆனால் "இளைஞர்கள்" என்பதற்கு அடுத்த சொல்லே "தன்" என்று ஒருமையில் நிற்கிறது. பலரைக் குறிக்கும்போது "தம்" என்று எழுத வேண்டும். "மாணவர்கள் தன் கடமையை", "மக்கள் தனது உரிமையை" என்பன போன்ற தொடர்களைக் கட்டுரைகளில் ஏராளமாகக் காண்கிறேன். எழுவாயைத் தேடிப் போகும்போது, அதைத் தொடர்ந்து "தன்", "தனது", "தன்னுடைய" ஆகிய சொற்களுள் ஏதேனும் நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இந்தச் சுற்றுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கலாம். கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சென்றால் பொருளின் ஓட்டத்தில் மனம் இழுபடாது.

இரண்டாம் சுற்று ஒற்றைப் பற்றியது. வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள் என்று இலக்கணப் பகுதியில் நீண்ட பட்டியலைப் படித்திருப்பீர்கள். அந்தப் பட்டியல் முழுவதையும் தேர்வறையில் நினைவுக்குக் கொண்டுவர முயன்றால் ஐந்து நிமிடமும் அதிலேயே போய்விடும். கட்டுரையில் மிகுதியாக வரும் இடங்கள் இரண்டுதான்: ஐ உருபு ஏற்ற சொல்லும், கு உருபு ஏற்ற சொல்லும். வரிகளின் மேல் கண்ணை ஓட்டி, "எதை?", "யாரை?", "எதற்கு?", "யாருக்கு?" என்ற வினாக்களுக்கு விடையாக நிற்கும் சொற்களை மட்டும் பாருங்கள். அடுத்த சொல் க, ச, த, ப வரிசை எழுத்தில் தொடங்கினால் ஒற்று வேண்டும். "யாருக்குத் தங்கும் இடம்?" என்று கேட்டால் "பறவைகளுக்கு" என்று விடை வருகிறது. ஆகவே "பறவைகளுக்குத் தங்கும் இடம்". "எதைத் தூர்வாரினர்?" என்று கேட்டால் "ஏரியை" என்று விடை வருகிறது. ஆகவே "ஏரியைத் தூர்வாரினர்". இரண்டாம் வாக்கியத்தில் உள்ள "ஊர் மக்களுக்கு நிழல்" என்பதில் அடுத்த சொல் நகரத்தில் தொடங்குவதால் ஒற்றுக்கு வேலை இல்லை. அதைத் தாண்டிப் போய்விடலாம்.

ஐகாரத்தில் முடியும் சொற்கள் எல்லாம் இரண்டாம் வேற்றுமை ஏற்றவை என்று எண்ணிவிடக் கூடாது. "யானை பெரியது" என்னும் தொடரில் "யானை" என்பது எழுவாய். அங்கே ஒற்று மிகாது. வினாவைக் கேட்டுப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். "எதை?" என்ற வினாவுக்கு அந்தச் சொல் விடையாகாவிட்டால், ஐகாரத்தைக் கண்டவுடன் ஒற்றைச் சேர்க்காதீர்கள்.

ஒற்றை விடுவது ஒரு பிழை என்றால், தேவையற்ற இடத்தில் சேர்ப்பது அதற்குச் சற்றும் குறையாத பிழை. சந்தியில் கவனமாக இருக்க வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்ட மாணவர்களே இந்த இரண்டாவது பிழையை அதிகம் செய்கிறார்கள். "நட்டப் பனை விதைகள்" என்று நீங்கள் எழுதியது அத்தகையது. "நட்ட" என்பது "நடு" என்னும் வினையிலிருந்து பிறந்த பெயரெச்சம்; பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகாது. "படித்த புத்தகம்", "வந்த பையன்", "சொல்லாத செய்தி" ஆகியவையும் அப்படியே. குழப்பம் எங்கே வருகிறது என்றால், "அந்தப் பள்ளி", "இந்தக் குளம்" ஆகியவற்றில் ஒற்று மிகுவதைப் பார்த்துப் பழகிய கை, "வந்த" என்பதையும் அதே போல் நடத்திவிடுகிறது. "அந்த", "இந்த", "எந்த" ஆகியவை சுட்டும் வினாவும். அவற்றின் பின் ஒற்று மிகும். வினையிலிருந்து பிறந்த சொல்லானால் மிகாது. இதற்கு விலக்கு ஒன்று உண்டு: "அழியாத புகழ்" என்பதில் "த" என்னும் ஈறு கெட்டு "அழியா" என்று நின்றால், "அழியாப் புகழ்" என்று ஒற்று மிகும். இந்தச் சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் போதும்.

மூன்றாம் சுற்றில் சொல்லுக்குள் இருக்கும் புள்ளிகளைப் பார்க்க வேண்டும். இங்கே உங்களுக்குத் துணையாக, விலக்கு ஏறத்தாழ இல்லாத ஒரு விதி இருக்கிறது. ட், ற் ஆகிய இரண்டு மெய்களுக்கும் அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வராது. "முயற்ச்சி" என்னும் சொல்லில் ற் என்பதற்கு அடுத்து ச் நிற்கிறது. பொருளை யோசிக்காமலேயே அது பிழை என்று சொல்லிவிடலாம். "முயற்சி", "பயிற்சி", "ஆட்சி", "கற்க", "கேட்க" என்றே அவை அமையும். ய், ர், ழ் ஆகிய மெய்களுக்கு அடுத்து மட்டும் வல்லின ஒற்று வரலாம்: "வாய்ப்பு", "வளர்ச்சி", "வாழ்க்கை".

ஏன் ஒன்றில் ஒரு சகரமும் மற்றொன்றில் இரண்டும் வருகின்றன என்று அறிந்துகொண்டால் தடுமாற்றம் நீங்கும். "முயல்", "பயில்" ஆகிய வினைகளின் லகர மெய் றகர மெய்யாக மாறி "முயற்சி", "பயிற்சி" ஆகின்றன. "ஆள்", "மீள்" ஆகியவற்றின் ளகர மெய் டகர மெய்யாக மாறி "ஆட்சி", "மீட்சி" ஆகின்றன. அந்த மாற்றத்திலேயே வல்லின மெய் ஒன்று வந்துவிட்டதால் இன்னொன்றுக்கு இடமில்லை. "வளர்", "உணர்", "மகிழ்", "வீழ்" ஆகிய வினைகளில் ரகரமும் ழகரமும் மாறாமல் நிற்பதால், ச் என்னும் ஒற்று சேர்ந்து "வளர்ச்சி", "உணர்ச்சி", "மகிழ்ச்சி", "வீழ்ச்சி" ஆகின்றன. உங்கள் பத்தியில் "முயற்ச்சி" என்று கூடுதலாக ஓர் ஒற்றும், "வளர்சி" என்று குறைவாக ஓர் ஒற்றும் இருக்கக் காரணம், இந்த இரண்டு வகையும் உங்கள் மனத்தில் இன்னும் தனித்தனியாகப் பிரியாததுதான்.

இதே சுற்றில் இன எழுத்தையும் பார்த்துவிடலாம். டகரத்துக்கு முன் ண், றகரத்துக்கு முன் ன், தகரத்துக்கு முன் ந் என்று இந்த மூன்று வல்லினங்களுக்கும் அவற்றுக்குரிய மெல்லினம்தான் முன்னால் நிற்கும். "கன்டவர்" என்பதில் டகரத்துக்கு முன் ன் நிற்பதால் "கண்டவர்" என்று திருத்த வேண்டும். "மண்றம்" என்று எழுதியிருந்தால் "மன்றம்" என்று திருத்த வேண்டும். இதற்கும் சொல்லின் பொருள் தேவையில்லை, அடுத்த எழுத்தைப் பார்த்தாலே போதும். வேகமாக எழுதும்போது "என்பது" என்ற சொல் புள்ளியை இழந்து "எனபது" என்று ஆகியிருப்பதையும், "போனான்" என்பதில் இரட்டைக் கொம்பு ஒற்றைக் கொம்பாகச் சுருங்கியிருப்பதையும் இந்தச் சுற்றிலேயே காண்பீர்கள். ஒரு நிமிடம் ஒதுக்குங்கள்.

மீதமிருக்கும் அரை நிமிடத்தில், எழுத்துப்பிழை அல்லாத இரண்டு செய்திகளைப் பாருங்கள். ஒரு மதிப்பெண் வினாக்களில் குறியீட்டுடன் விடையையும் சேர்த்து எழுதச் சொல்லியிருப்பார்கள். "ஆ" என்று மட்டும் எழுதிவிட்டு விடையை விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கடிதத்தில் இடம், நாள், உறைமேல் முகவரி ஆகியவை இருக்கின்றனவா, "அனுப்புநர்", "பெறுநர்" ஆகியவற்றில் நகரம் இருக்கிறதா என்று பாருங்கள். "அனுப்புனர்", "பெறுனர்" என்று எழுதுவோர் மிகப் பலர். அது கடிதத்தின் தலைப்பகுதியிலேயே நிற்பதால் திருத்துபவர் கண்ணில் முதலில் படும்.

இப்போது விட்டுவைத்த பிழைக்கு வருகிறேன். "ஒவ்வொரு ஆண்டும்" என்பதை "ஒவ்வோர் ஆண்டும்" என்று எழுத வேண்டும். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் "ஓர்" என்றும், உயிர்மெய்யில் தொடங்கும் சொல்லுக்கு முன் "ஒரு" என்றும் வரும் முறையே இதற்கும் பொருந்தும். மேற்சொன்ன மூன்று சுற்றுகளில் எதிலும் இது அகப்படாது. இத்தகைய பிழைகளுக்காக நீங்களே ஒரு சிறு பட்டியலைத் தேர்வுக்கு முன்பே தயாரிக்க வேண்டும். இதுவரை திருத்தி வந்த உங்கள் தமிழ் விடைத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, சிவப்பு வட்டத்துக்குள் இருக்கும் சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பிழை மீண்டும் மீண்டும் வருவதைக் காண்பீர்கள். அடிக்கடி வரும் நான்கைந்து சொற்களை மட்டும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்; அதற்கு மேல் சேர்த்தால் தேர்வறையில் நினைவுக்கு வராது.

ல, ள, ழ மயக்கமும் ர, ற மயக்கமும் பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்கே உரியவை. "விலை", "விளை", "விழை" மூன்றும் சரியான சொற்கள். எந்த இடத்தில் எது வர வேண்டும் என்று தெரியாதவருக்கு ஐந்து நிமிடம் அன்று, ஐம்பது நிமிடம் கொடுத்தாலும் அந்தப் பிழை தெரியாது. கடைசி நேரச் சரிபார்ப்பு, தெரிந்திருந்தும் கை தவறிய பிழைகளை மட்டுமே பிடிக்கும்.

திருத்தும் முறையும் முக்கியம். பிழையான எழுத்தின் மேலேயே இன்னொரு எழுத்தை அழுத்தி எழுதாதீர்கள்; னகரத்தின் மேல் எழுதிய ணகரம் இரண்டாகவும் தெரியாமல் கறையாகத்தான் தெரியும். சொல் முழுவதையும் ஒரே கோட்டால் அடித்துவிட்டு, அதன் மேலே சரியான சொல்லைத் தெளிவாக எழுதுங்கள். ஒற்று மட்டும் விடுபட்டிருந்தால், முதல் சொல்லின் இறுதியில் பெரும்பாலும் இடம் இருக்கும், அங்கேயே சேர்த்துவிடலாம். நீலம் அல்லது கருப்பு மையில், கட்டுரை எழுதிய அதே பேனாவால் திருத்துங்கள்.

தொடக்கூடாத இடங்களும் உண்டு. வாக்கியத்தை அழகுபடுத்துவதற்காக மாற்றி எழுதாதீர்கள். பாதியை மாற்றிவிட்டு மீதியை மாற்ற மறந்தால், முன்பு இல்லாத ஒருமை பன்மைப் பிழை புதிதாக வந்து சேரும். "வாழ்த்துகள்" என்பதா "வாழ்த்துக்கள்" என்பதா, "நாள்கள்" என்பதா "நாட்கள்" என்பதா என்பன போன்ற, அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள வடிவங்களில் நேரத்தைச் செலவிடாதீர்கள். பாடநூலில் உள்ள வடிவத்தை எழுதியிருந்தால் போதும். அடிபிறழாமல் எழுதச் சொன்ன மனப்பாடப் பாடலில் இரண்டாம் சுற்றின் விதிகளைப் பயன்படுத்தவே கூடாது. செய்யுளில் சொற்கள் சீருக்கு ஏற்பப் பிரிந்தும் சேர்ந்தும் நிற்கும். பாடநூலில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். ஒரு சொல்லைப் பற்றி ஐயம் எழுந்து, எந்த விதியாலும் அதைத் தீர்க்க முடியாவிட்டால், முதலில் எழுதியதையே விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குச் செல்லுங்கள்.

இந்த முறையைப் பொதுத்தேர்வு நாளில் முதன்முதலாகச் செய்து பார்க்காதீர்கள். அடுத்த திருப்புதல் தேர்வில் ஒரே ஒரு கட்டுரைக்கு மூன்று சுற்றுகளையும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள். தொடக்கத்தில் முதல் சுற்றே மூன்று நிமிடம் எடுக்கலாம். அப்படியானால் அந்தத் தேர்வில் முதல் இரண்டு சுற்றுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தாள் திரும்பி வந்ததும், சிவப்பு வட்டமிட்ட ஒவ்வொரு பிழையும் எந்தச் சுற்றில் அகப்பட்டிருக்க வேண்டியது என்று பக்கத்தில் 1, 2, 3 என எண்ணிட்டுப் பாருங்கள். எந்த எண் அதிகம் வருகிறதோ, அதற்கடுத்த தேர்வில் அந்தச் சுற்றை முதலில் வையுங்கள். எந்தச் சுற்றிலும் சேராத சொல் இரண்டாம் முறையாக வந்தால், அதை உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.